காணாமல் போன 28 ரூபாய்

கேள்வி: ஐயா, அப்பா வீட்டில் பாகம் பிரித்ததில் எனக்கு 6 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. மகளுக்கு எட்டு வயது. அவள் காலேஜ் படிப்புக்கென்று ஒதுக்க நினைக்கிறேன். வீட்டுக்காரரின் சிநேகிதர் குன்னூரில் பைனான்ஸ் நடத்துகிறார். வருஷத்துக்கு 15 சதவீதம், மாதாமாதம் வட்டியைக் கையில் கொடுத்துவிடுவாராம். "72-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்து வருஷத்துக்குள் டபுள்" என்கிறார். போஸ்ட் ஆபீஸில் கேட்டால் 115 மாதம் ஆகும் என்கிறார்கள். மாமியாரோ, அந்தக் காலத்தில் போஸ்ட் ஆபீஸிலேயே ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பானது, அதனால் இவர் சொல்வதும் நடக்கும் என்கிறார். அந்த 72 கணக்கு உண்மைதானா?
ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: 72-ஐ வட்டி சதவீதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும் என்கிற 72 கணக்கு உண்மைதான். அதைப் பொருந்தாத இடத்தில் போட்டிருக்கிறார் அந்தச் சிநேகிதர். தெரிந்து போட்டாரா, தெரியாமல் போட்டாரா என்பது எனக்குத் தெரியாது. ஆடிட்டர் தொழிலில் இரண்டு ரகத்தையும் பார்த்தாயிற்று.

உங்கள் 6 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். 15 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 90,000 ரூபாய், மாதத்துக்கு 7,500. நம் ஊர்ப் பேச்சில் இது நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி. 72-ஐ 15-ஆல் வகுத்தால் 4.8 வருஷம், அதாவது 58 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 58 மாதமும் ஒரு மாதம்கூடத் தவறாமல் 7,500 வந்தது, நீங்களும் அதிலிருந்து ஒரு ரூபாய் தொடாமல் பீரோவில் அடுக்கி வைத்தீர்கள் என்றே இருக்கட்டும். சேர்ந்திருப்பது 4,35,000. அசல் 6 லட்சத்தைச் சேர்த்தால் 10,35,000. பன்னிரண்டு லட்சம் எங்கே? 1,65,000 துண்டு விழுகிறது.

அந்தத் துண்டு எங்கே போயிற்று என்று புரிந்துகொண்டால் 72 கணக்கு முழுவதும் புரிந்த மாதிரி. அதற்கு ஒரு நூறு ரூபாயை 8 சதவீதத்தில் போட்டுப் பார்ப்போம். 72-ஐ 8-ஆல் வகுத்தால் 9. ஒன்பது வருஷத்தில் நூறு இருநூறாக வேண்டும்.

முதல் வருஷக் கடைசியில் 108. இரண்டாம் வருஷம் வட்டி நூறுக்கு அல்ல, 108-க்கு. அதனால் 116 ரூபாய் 64 காசு. மூன்றாம் வருஷம் 125.97, அப்புறம் 136.05, 146.93, 158.69, 171.38, 185.09. ஒன்பதாம் வருஷக் கடைசியில் 199 ரூபாய் 90 காசு. இருநூறுக்குப் பத்துக் காசு குறைவு. காகிதத்தில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், பத்து நிமிஷம்கூட ஆகாது. முதல் வருஷம் 8 ரூபாய் வட்டி கொடுத்த அதே பணம் ஒன்பதாம் வருஷம் 14 ரூபாய் 81 காசு கொடுப்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

இப்போது அந்த 100 ரூபாய் லாபத்தைப் பிரித்துப் பாருங்கள். அசல் நூறு ரூபாய் வருஷம் 8 வீதம் ஒன்பது வருஷத்தில் சம்பாதித்தது 72 ரூபாய். மீதி 28 ரூபாய்? அது அசல் சம்பாதித்ததல்ல. வட்டி சம்பாதித்தது. எடுக்காமல் விட்ட வட்டி தானும் முதலாக மாறி, வேலை செய்து கொண்டுவந்த பணம்.

நான் யாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாலும் இப்படித்தான் சொல்வேன்: 72 அசலுடையது, 28 வட்டியுடையது. 72 கணக்குப் போடும்போது அந்த 28 கட்டாயம் வரும் என்று நம்பித்தான் போடுகிறோம். வட்டியை மாதாமாதம் கையில் வாங்கிவிட்டால் 72 மட்டும்தான் கிடைக்கும், 28 கிடைக்காது. உங்கள் 6 லட்சத்தில் நூற்றுக்கு 28 என்றால் 1,68,000. மேலே துண்டு விழுந்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதத்தை முழுசாக்கியதால் வந்த சில்லறை வித்தியாசம் போக, அதுவேதான் இது.

தேயிலை ஊரில் இருப்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று கொழுந்து பறிக்கிற செடி வருஷக்கணக்கில் இடுப்பு உயரத்திலேயே நிற்கிறது. அதே செடியைப் பறிக்காமல் கவாத்தும் பண்ணாமல் விட்டால் என்ன ஆகும்? கைவிட்ட எஸ்டேட்டுகளில் பார்த்திருப்பீர்கள், மரமாகவே போய் நிற்கும். மாதாமாதம் வட்டி வாங்குவது கொழுந்து பறிப்பது. அதில் தப்பே இல்லை, வீட்டுச் செலவுக்கு வேண்டும் என்றால் அதுதான் வழி. ஆனால் பறித்துக்கொண்டே இருக்கிற செடி ஐந்து வருஷத்தில் இரண்டு மடங்கு உயரம் வளரும் என்று ஒருவர் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் அல்லவா?

கையில் வட்டி வாங்கும் பணத்துக்குச் சரியான எண் 72 அல்ல, 100. நூறை 15-ஆல் வகுத்தால் 6.67 வருஷம். மாதக் கணக்கில் 6 லட்சத்தை 7,500-ஆல் வகுத்தால் 80 மாதம், ஆறு வருஷம் எட்டு மாதம். அதுவும் பீரோவில் அடுக்கியது பீரோவிலேயே இருந்தால். கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட பஸ், ஊரில் ஒரு கல்யாணம் என்று மாதம் 7,500 எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாதமும் அந்த வட்டியை அன்றைக்கே அவரிடமே திருப்பிக் கொடுத்து, அதற்கும் ஒன்றேகால் வட்டி போடச் சொன்னால் 56 மாதத்தில் பணம் நிஜமாகவே இரட்டிப்பாகும். அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே. ஆனால் முதல் மாதம் 7,500-ஐ நீட்டி, "இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அப்போது அவர் என்ன சொல்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

72 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகள் பெரியவளானதும் கேட்பாள். 1494-இல் வெனிஸில் அச்சான ஒரு கணிதப் புத்தகத்தில் லூக்கா பச்சியோலி என்ற பாதிரியார் இந்த வழியைக் காரணம் சொல்லாமல் எழுதி வைத்திருக்கிறார். நுணுக்கமாகப் பார்த்தால் வட்டி மிகச் சின்னதாக இருந்து, ஓயாமல் அசலில் சேர்ந்துகொண்டே இருந்தால் எண் 69.3 வரும். ஆனால் 69.3-ஐ வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போட முடியுமா? 72 என்றால் 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். அதோடு, வருஷத்துக்கு ஒருமுறை வட்டி சேரும்போது 8 சதவீதத்தின் பக்கத்தில் கிட்டத்தட்ட அச்சொட்டாகப் பொருந்துகிறது. நாம் சாதாரணமாகப் புழங்கும் வட்டியெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

8-ஐ விட்டு விலக விலகக் கணக்கும் விலகும். 12 சதவீதத்தில் ஆறு வருஷம் என்கிறது விதி. நூறு ரூபாய் ஆறு வருஷத்தில் 197 ரூபாய் 38 காசு ஆகிறது. பரவாயில்லை. 24 சதவீதத்தில் மூன்று வருஷம் என்கிறது, வருவது 190 ரூபாய் 66 காசு. 36 சதவீதத்தில் இரண்டு வருஷத்தில் 185-கூட ஆவதில்லை. 72 சதவீதத்தில் ஒரே வருஷத்தில் டபுள் என்று விதி சொல்லும். நூறு ரூபாய்க்கு 72 ரூபாய் வட்டி வந்தால் அது 172, இருநூறு இல்லை என்பது நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இதற்கு ஒரு திருத்தம் உண்டு. 8-க்கு மேல் ஒவ்வொரு மூன்று சதவீதத்துக்கும் 72-இல் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். 20 சதவீதம் என்றால் நான்கு கூட்டி 76. அதை 20-ஆல் வகுத்தால் 3.8 வருஷம், உண்மையான விடையும் அதுவே. 8-க்குக் கீழே போனால் அதே மாதிரி குறைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒன்று, ஒன்றேகால் என்று சின்ன எண்ணில் மாதக் கணக்காகப் போடும்போது 72-ஐவிட 70 நன்றாகப் பொருந்தும். மேலே வந்த 56 மாதமும் 70-ஐ 1.25-ஆல் வகுத்தால் வரும் விடைதான்.

இனி போஸ்ட் ஆபீஸ். அவர்கள் சொன்ன 115 மாதம் கிசான் விகாஸ் பத்திரத்துக்கு. 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 7.5 சதவீதம் ஆக்கினார்கள். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 வருஷம், மாதத்தில் 115.2. ஒன்பது வருஷம் ஏழு மாதம். போஸ்ட் ஆபீஸ்காரர் சொன்னதும் மனக்கணக்கும் ஒட்டிக்கொள்கின்றன, ஏனென்றால் இந்தப் பத்திரத்தில் இடையில் வட்டி கையில் வராது. 28 உள்ளேயே இருந்து வேலை செய்கிறது. வாங்கிய நாளில் இருந்த வட்டி கடைசி வரை மாறவும் மாறாது.

உங்கள் மாமியார் சொன்னதும் பொய்யில்லை. 1988-இல் இந்தப் பத்திரம் வந்த புதிதில் ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பானது. அந்தத் தலைமுறைக்கு அது அப்படியே மனதில் நின்றுவிட்டது. 72-ஐ ஐந்தரையால் வகுத்துப் பாருங்கள்: 13.1 வருகிறது. சரியான எண் 13.4 சதவீதம். அன்றைக்கு வட்டியெல்லாம் அந்த உயரத்தில் இருந்தது, சர்க்காரே அதைக் கொடுத்தது. 2011-இல் பத்திரத்தை நிறுத்தினார்கள். 2014-இல் மறுபடி விட்டபோது 100 மாதம் ஆயிற்று. இப்போது 115. ஆக, ஐந்து வருஷத்தில் டபுள் என்ற பேச்சு பெரியவர்கள் காதில் விபரீதமாகக் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் பார்த்த வட்டி இன்று இல்லை, அவ்வளவுதான்.

இப்படித் திருப்பிப் போடுவதுதான் என்னைக் கேட்டால் 72-இன் முக்கிய உபயோகம். யாராவது "இத்தனை வருஷத்தில் டபுள்" என்றால், 72-ஐ அந்த வருஷத்தால் வகுத்து வட்டியைக் கண்டுபிடியுங்கள். மூன்று வருஷத்தில் டபுள் என்றால் 24 சதவீதம் கேட்கிறது. வாங்குகிறவர் அதை எந்தத் தொழிலில் போட்டு அதற்குமேல் சம்பாதித்து உங்களுக்குத் தருவார்? பதினைந்து வருஷத்தில் டபுள் என்று ஒரு இன்சூரன்ஸ் திட்டத்தைப் பெருமையாகச் சொன்னால், அது 4.8 சதவீதம். டபுள் என்ற சொல் இரண்டையும் ஒரே மாதிரி இனிக்க வைக்கிறது.

என் சொந்தத் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கிய புதிதில், பள்ளி ஆசிரியை ஒருவர் மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி. போட விரும்பினார், 8 சதவீதம், ஒன்பது வருஷம். நான் உடனே "கட்டுவது 2,16,000, ஒன்பது வருஷத்தில் டபுள், 4,32,000 வரும்" என்று மேஜையில் தட்டிச் சொன்னேன். அவரும் டைரியில் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து வங்கியில் கொடுத்த துண்டுச் சீட்டோடு வந்து நின்றார். அதில் 3,16,000 பக்கம் இருந்தது. "சார், ஒரு லட்சத்துக்கு மேல எங்க போச்சு?" என்றார். நான் முதலில் சீட்டைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது: முதல் மாதம் கட்டிய 2,000 மட்டும்தான் ஒன்பது வருஷம் உள்ளே இருக்கிறது. கடைசி மாதம் கட்டியது ஒரே மாதம். சராசரியாக ஒரு ரூபாய் நாலரை வருஷம்தான் வேலை செய்கிறது. 72 கணக்கு ஒரே நாளில் மொத்தமாகப் போட்ட பணத்துக்கு மட்டும். மாதாமாதம் கட்டும் ஆர்.டி., சீட்டு, எஸ்.ஐ.பி. எதற்கும் அப்படியே போடாதீர்கள். அந்த அம்மா அப்புறமும் என்னிடம் வந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் நான் சொல்லும் எண்ணை எல்லாம் வங்கியில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொள்வார்.

சரி, உங்கள் மகள் படிப்புக்கு வருவோம். இரட்டிப்பாகிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை. படிப்புச் செலவும் இரட்டிப்பாகும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் படிப்புக்கு இன்று மொத்தம் 6 லட்சம் ஆகிறது என்று வைப்போம். கட்டணம் வருஷம் 8 சதவீதம் ஏறினால், அதே 72 கணக்கில் ஒன்பது வருஷத்தில் அது 12 லட்சம். போஸ்ட் ஆபீஸில் போட்ட உங்கள் 6 லட்சமும் ஒன்பது வருஷம் ஏழு மாதத்தில் 12 லட்சம். இன்று ஒரு படிப்பு, அன்றும் அதே ஒரு படிப்பு. பணம் பெருகிய மாதிரி தெரியும், வாங்கும் சக்தி ஏறக்குறைய அப்படியே நிற்கும். கட்டணம் 6 சதவீதம்தான் ஏறினால் அது இரட்டிப்பாக 12 வருஷம் ஆகும், உங்களுக்குக் கொஞ்சம் மிஞ்சும். அதனால் எந்தத் திட்டத்தையும் பார்க்கும்போது இரண்டு வகுத்தல் போடுங்கள், ஒன்று உங்கள் வட்டிக்கு, இன்னொன்று விலைவாசிக்கு.

வரியும் இதில் கை வைக்கும். கிசான் விகாஸ் பத்திர வட்டிக்கு வரி விலக்கு கிடையாது. 20 சதவீத வரம்பில் இருப்பவர் அந்த வரியையும் அதே பணத்திலிருந்து கட்டுவதாகப் பார்த்தால், 7.5 என்பது 6 ஆகிவிடும், இரட்டிப்பாக 12 வருஷம். உங்கள் பெயரில் வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் இந்தக் கவலை குறைவு.

குன்னூர் பைனான்ஸைப் பற்றி ஒரு விஷயம். 72 கணக்கைவிட இது முக்கியம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கும் நிதி நிறுவனங்களே வருஷத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்கக் கூடாது என்பது விதி. 15 சதவீதம் தருகிறேன் என்கிறவர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார். அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதைத் தடுக்க 2019-இல் மத்தியச் சட்டமே வந்திருக்கிறது. டெபாசிட்தாரர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997-இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். ஆனால் சட்டம் இருப்பது வேறு, போன பணம் திரும்பி வருவது வேறு. மாதாமாதம் வட்டி ஒழுங்காக வருவதும் பணம் பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. புதிதாக ஒருவர் போடும் 6 லட்சத்திலிருந்து உங்களுக்கு 80 மாதம் 7,500 கொடுக்கலாம், அசலைத் தொட வேண்டியதே இல்லை. நீங்கள் வாங்கும் வட்டி உங்கள் சொந்தக் காசாகவேகூட இருக்கலாம். ஒரு நிறுவனம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதா என்று sachet.rbi.org.in தளத்தில் தேடலாம், புகாரும் கொடுக்கலாம். சிநேகிதர் நல்லவராகவே இருக்கட்டும். இந்தப் பணத்தை அங்கே போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். வீட்டுக்காரருக்குச் சங்கடம் என்றால் "ஆடிட்டர் வேண்டாம் என்றார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

அப்போ எங்கே போடுவது? மகளுக்கு எட்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் கணக்குத் தொடங்கலாம், போஸ்ட் ஆபீஸிலும் வங்கிகளிலும். 2024 ஜனவரியிலிருந்து அதன் வட்டி 8.2 சதவீதம். 72-ஐ 8.2-ஆல் வகுத்தால் 8.8 வருஷம் வருகிறது. கிசான் பத்திரத்தைவிடச் சீக்கிரம், வட்டிக்கு வரியும் இல்லை. ஆனால் மூன்று விஷயத்தைத் தெரிந்துகொண்டு போடுங்கள். வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாது, ஆகவே 6 லட்சத்தையும் ஒரே நாளில் வைக்க இயலாது. வட்டியைச் சர்க்கார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது, மாறினால் ஏற்கெனவே போட்ட பணத்துக்கும் மாறும்; ஆகவே இங்கே 72 கணக்கு ஒரு மதிப்பீடுதான். மூன்றாவது, கணக்கு முடிய 21 வருஷம் ஆகும். மகள் பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ, பதினெட்டு வயதான பிறகோ படிப்புக்கென்று எடுக்கலாம், அதுவும் முந்தைய நிதியாண்டுக் கடைசியில் இருந்த தொகையில் பாதிவரைதான்.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். 3 லட்சத்துக்கு இப்போதே கிசான் விகாஸ் பத்திரம். அவளுக்குப் பதினெட்டு நெருங்கும்போது, ஒன்பது வருஷம் ஏழு மாதத்தில், 6 லட்சமாகக் கைக்கு வரும், முதல் வருஷக் கட்டணம் கட்டச் சரியாக இருக்கும். ஒன்றரை லட்சம் இந்த நிதியாண்டில் செல்வமகள் கணக்கில், இன்னொரு ஒன்றரை லட்சம் அடுத்த ஏப்ரலில். அதுவரை அந்தத் தொகையை ஏப்ரலுக்குள் முடிகிற ஒரு டெபாசிட்டில் வையுங்கள். செல்வமகளில் இருப்பதில் பாதியைப் படிப்பு நடக்கும்போது எடுக்கலாம், மீதி அப்புறம் அவளுக்கே. உங்களிடம் அவசரத்துக்கென்று தனியாகப் பணம் எதுவும் இல்லை என்றால் மட்டும் இந்தப் பங்கீட்டைக் கொஞ்சம் மாற்றுங்கள், ஏனென்றால் கிசான் பத்திரத்தைச் சாதாரணமாக இரண்டரை வருஷம் ஆகும்வரை உடைக்க முடியாது. தேயிலை விலை சரிந்த ஒரு வருஷத்தில் அது இடிக்கும்.

கணக்குத் தொடங்கப் போகும்போது மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் கார்டு, இரண்டு போட்டோ எடுத்துப் போங்கள். அவளுக்குப் பத்து வயது முடிவதற்கு முன்னால் போயாக வேண்டும் என்பதால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.